கலக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. என்னிடம் புள்ளிவிபரவியல் படித்த பிள்ளைகள் கட்டாயம் கடைசிவரை வாசிக்க வேண்டும். ஏனென்றால் இது என்னுடைய ஒரு பாடத்தைத் திருத்தும் பதிவு.

என்னிடம் உயர்தரக் கணிதம் படித்த மாணவன் ஒருவன் இப்போது பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம். ஒரு நாள் இரவு லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான். அவனுடைய ஆய்வு, நம் நாட்டின் நாளாந்த மின்சாரத் தேவையை ஒரு நாள் முன்கூட்டியே கணிப்பது. 2017 தொடக்கம் 2024 முடியும் வரை, ஒரு நாளுக்கு ஓர் இலக்கம் என்று எட்டு வருடத் தரவு சேர்த்திருந்தான். மொத்தம் 2922 நாட்கள்.

"சேர், சராசரிப் பிழை இரண்டு சதவீதத்துக்கும் குறைவு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு வாரத்தில் சமர்ப்பிக்க வேண்டும். வாப்பாவிடமும் சொல்லிவிட்டானாம்.

அந்த இலக்கத்தின் பெறுமதியை முதலில் சொல்கிறேன். ஒரு நாள் நாட்டுக்கு 45 ஜிகாவாட் மணி தேவைப்பட்டது, நாம் 43.2 என்று சொன்னோம் என்று வையுங்கள். பிழை 1.8, அதாவது 4 சதவீதம். கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அது 75 மெகாவாட் இயந்திரம் ஒன்று 24 மணித்தியாலமும் ஓடித் தரும் மின்சாரம். அதைப் பாதியாக்கியிருந்தால் உண்மையில் நல்ல வேலைதான்.

அவன் பயன்படுத்தியது டெம்போரல் கன்வலூஷனல் நெட்வர்க் என்ற வலை. பெயருக்குப் பயப்பட வேண்டாம். கடந்த 28 நாட்களின் தேவையை ஒரு வரிசையாக வைப்போம். முதல் அடுக்கு ஒவ்வொரு நாளையும் அதற்கு முந்திய இரண்டு நாட்களோடு சேர்த்துப் பார்க்கும். அடுத்த அடுக்கு இரண்டிரண்டு நாளாகத் தாவி மூன்று இடங்களைப் பார்க்கும். அதற்கடுத்தது நான்கு நான்காகத் தாவும். ஒவ்வொரு அடுக்கிலும் இந்த வேலை இரண்டு தடவை நடக்கும். கணக்குப் போட்டால் 1 + 2 × 2 × (1 + 2 + 4) = 29. ஆகவே கடைசிப் புள்ளியில் நின்று பார்த்தால் 28 நாட்களும் கண்ணுக்குள் வந்துவிடும். எந்த இடத்திலும் அது பின்னோக்கி மட்டுமே பார்க்கும். நாளைய நாளை எட்டிப் பார்க்காதபடிதான் அது கட்டப்பட்டிருக்கிறது.

வலை சரியாக இருந்தது. நிரலை மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தேன். இந்த வரியில் நின்றுவிட்டேன்:

```python
train_test_split(X, y, test_size=0.2, shuffle=True)
```

எல்லா நாட்களையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலக்கி, ஐந்தில் நான்கு பங்கைப் பயிற்சிக்கும் ஒரு பங்கைப் பரீட்சைக்கும் எடுத்திருக்கிறான்.

"ஏன் மகன் கலக்கின?" என்று கேட்டேன்.

"நீங்கதானே சேர் படிப்பிச்சீங்க. மாதிரி எடுக்கிறதென்றா எழுமாறா எடுக்கணும், இல்லாட்டிப் பக்கச்சார்பு வருமென்று."

உண்மை. கலர் மார்பிள் நிறைந்த பையை மேசையில் வைத்து, குலுக்கிக் குலுக்கிப் படிப்பித்தவன் நான். மார்பிளுக்கு அது சரி. ஒரு மார்பிளுக்கும் அடுத்த மார்பிளுக்கும் உறவு இல்லை. நாட்கள் அப்படியல்ல.

அவன் விடவில்லை. "இந்த வலை முன்னுக்குப் பார்க்கவே பார்க்காது சேர். பிறகெப்படி எதிர்காலம் உள்ளுக்கு வரும்?" நல்ல கேள்வி. பலர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். வலை பின்னோக்கிப் பார்ப்பது ஒரு வரிசைக்குள் மட்டும். எந்தெந்த வரிசைகளை அதற்குப் படிக்கக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

ஒரு நாளை எடுத்துப் பார்த்தோம். 2022 மார்ச் 31. மறந்திருக்க மாட்டீர்கள், 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்ட நாள். அந்த நாளைக் கணிக்க மார்ச் 3 முதல் 30 வரையுள்ள வரிசை போகும். அடுத்த நாளான ஏப்ரல் 1ஐக் கணிக்க மார்ச் 4 முதல் 31 வரையுள்ள வரிசை. இரண்டு வரிசைகளிலும் 27 நாட்கள் ஒன்றேதான். கலக்கியபோது 31ஆம் திகதி பரீட்சைப் பக்கம் போனது. அதற்கு முந்திய நாளும் பிந்திய நாளும் இரண்டுமே பயிற்சிப் பக்கம் விழுவதற்கான நிகழ்தகவு 0.8 × 0.8, அதாவது 64 சதவீதம். இரண்டில் ஒன்றாவது விழுவதற்கு 96 சதவீதம். போதாததற்கு, 31ஆம் திகதியின் இலக்கமே அடுத்து வரும் 28 வரிசைகளில் உள்ளீடாக இருக்கிறது. அவற்றில் ஏறக்குறைய 22 பயிற்சிக்குள் போயிருக்கும்.

ஆகவே வலை கணிக்கவில்லை. "இந்த மாதிரி வரிசை வந்தால் தேவை இந்த மட்டத்தில் இருக்கும்" என்று பக்கத்து நாட்களை மனனம் செய்து, இடையில் விட்ட ஓட்டையை நிரப்பியிருக்கிறது. ஐந்தாம் கேள்வியின் விடையை ஆறாம் கேள்விக்குள் அச்சடித்துக் கொடுத்த வினாத்தாள் மாதிரி. மார்ச் 30ஆம் திகதி மாலை உண்மையில் உட்கார்ந்து கணிப்பவருக்கு ஏப்ரல் 1ஆம் திகதி தெரியாது.

திருத்தம் மிகச் சின்னது:

```python
train, val, test = s.loc[:"2022"], s.loc["2023"], s.loc["2024"]
mu, sd = train.mean(), train.std()
```

2022 முடியும் வரை படிக்க. 2023 சரிபார்க்க, அதாவது எத்தனை அடுக்கு, எப்போது பயிற்சியை நிறுத்துவது என்று தீர்மானிக்க. 2024 இறுதிப் பரீட்சை, ஒரே ஒரு தடவைதான் திறக்க வேண்டும். 2023 ஜனவரி 1ஐக் கணிக்க டிசம்பர் நாட்களை உள்ளீடாகக் கொடுப்பதில் பிழையில்லை, அவை அன்று தெரிந்தவை. பயிற்சிப் பகுதிக்குள் வரிசைகளைக் கலக்கிக் கொடுப்பதிலும் பிழையில்லை. எல்லைக் கோட்டைத் தாண்டிக் கலக்குவதுதான் பிழை. இரண்டாவது வரியையும் கவனியுங்கள். தரவை அளவு மாற்றும் சராசரியும் நியம விலகலும் பயிற்சிப் பகுதியிலிருந்து மட்டும் வர வேண்டும். அவன் எட்டு வருடத்துக்கும் சேர்த்து எடுத்திருந்தான். 2024இன் மட்டம் அந்த வழியாலும் உள்ளே வந்திருந்தது.

ஓடவிட்டோம். பிழை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது. அதைவிடக் கசப்பான ஒன்றை நான் செய்யச் சொன்னேன். வலையே வேண்டாம், "போன வாரம் இதே கிழமையில் எவ்வளவோ, அதுவே நாளைக்கும்" என்ற ஒற்றை விதியை 2024இல் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். கிட்டத்தட்ட அதே பிழைதான் வந்தது. மூன்று மாத வேலையும் ஒரு வரி விதியும் சமம். பிள்ளை பேசவில்லை. உள்ளேயிருந்து பிளேன்டீ வந்தது, அதையும் குடிக்கவில்லை.

பிறகு பிழைகளைத் திகதி வாரியாக வரிசைப்படுத்தினோம். பெரிய பிழைகள் எங்கும் சிதறிக் கிடக்கவில்லை, போயா தினங்களிலும் ஏப்ரல் புத்தாண்டு நாட்களிலும் குவிந்து கிடந்தன. போயா சந்திரனோடு போகிறது, கிழமையோடு போவதில்லை. 28 நாள் வரிசையை மட்டும் பார்க்கும் வலைக்கு, நாளை போயா என்று தெரிய வழியில்லை. ஒற்றை விதியோ ஒவ்வொரு போயாவுக்கும் இரண்டு தடவை பிழைக்கும். போயா அன்று ஒரு தடவை, அந்தக் குறைந்த இலக்கத்தை அப்படியே நகலெடுத்து அடுத்த வாரம் அதே கிழமையில் இன்னொரு தடவை. நாளை விடுமுறையா இல்லையா என்ற ஓர் உள்ளீட்டைச் சேர்த்ததும் வலை முதல் தடவையாக அந்த விதியை முந்தியது.

இந்த விடுமுறை நாட்கள் சும்மா விடயமல்ல. தேவை குறைந்து, வெயில் நன்றாக எரித்து, கூரைச் சோலர் நிறையத் தரும் நாட்கள்தான் மின்கட்டமைப்புக்குச் சிக்கலானவை. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலர் வைத்திருப்போரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். வருட சராசரியில் நல்ல பெயர் எடுத்து அந்த ஒரு வாரத்தில் பிழைக்கும் கணிப்பு, தேவையான நேரத்தில் கைவிடும் கணிப்பு.

இன்னும் இரண்டு இடத்தில் எதிர்காலம் ஒளிந்திருந்தது. ஒன்று, நோன்புப் பெருநாள். அவன் விடுமுறைப் பட்டியலை முடிந்த வருடங்களின் கலண்டரிலிருந்து எடுத்திருந்தான். ஆனால் 29ஆம் நோன்பன்று பகல் கணிப்பவருக்கு நாளை பெருநாளா, முப்பதாம் நோன்பா என்று தெரியாது. மஃரிபுக்குப் பிறகு பிறை தெரிந்தால்தான் தெரியும். நாமே பெருநாள் இறைச்சிக்குச் சொல்லிவிட்டு றேடியோவைப் பார்த்துக் காத்திருக்கிறோம், வலைக்கு மட்டும் முன்கூட்டியே எப்படித் தெரியும்? அந்த இரண்டு நாட்களுக்கும் "இருக்கலாம்" என்று ஒரு தனிக் குறி போட்டோம். மற்றது வெப்பநிலை. கணிக்கும் நாளின் உண்மையான வெப்பநிலையைக் கொடுத்திருந்தான். முதல் நாள் கையில் இருப்பது வானிலை அறிவிப்பு மட்டும்தான். அந்த அறிவிப்புகளின் பழைய பதிவு அவனிடம் இல்லாததால் முந்திய நாள் வெப்பநிலையை வைத்தோம். பிழை கொஞ்சம் கூடியது. கூடட்டும்.

மின்வெட்டு நாட்கள் வேறு விடயம். அன்று பதிவானது தேவை அல்ல, கொடுக்க முடிந்த அளவு. 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3 போன்ற நாடளாவிய மின்தடை நாட்களும் அப்படித்தான். அவற்றை வலைக்கு விடையாகக் கற்பிக்கவும் கூடாது, பரீட்சையில் சேர்க்கவும் கூடாது. அதற்காக அட்டவணையிலிருந்து வரியை அழிக்கவும் கூடாது. அழித்தால் ஏழு நாளுக்கு முன் இருந்த திங்கள் ஞாயிறாகிவிடும். வரி இருக்கட்டும், குறி போட்டு விடுங்கள் என்றேன்.

ஒரு வருடத்தை மட்டும் பரீட்சையாக வைப்பதும் அதிர்ஷ்டத்தில் தங்கியிருக்கும். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் உயர்ந்து நம் எல்லோருடைய பாவனையும் மாறியதே. ஆகவே எல்லைக் கோட்டை நகர்த்தி, 2020 வரை படித்து 2021 சரிபார்த்து 2022 பரீட்சை, பிறகு ஒரு வருடம் தள்ளி அதே போல என்று மூன்று தடவை செய்தான். ஒவ்வொரு தடவையும் சராசரியும் மட்டமும் புதிதாக. 2022இல் வலை மோசமாக விழுந்தது. அதையும் அறிக்கையில் எழுதச் சொன்னேன். திடீர் மாற்றம் வந்தால் இந்த முறை விழும் என்பதும் ஒரு முடிவுதான்.

கடைசியில் அவனிடம் இருந்தது ஒற்றை விதியைவிடக் கொஞ்சம் நல்ல கணிப்பு. அந்த "கொஞ்சம்" பெரும்பாலும் விடுமுறை நாட்களில் வந்தது. பழைய இலக்கத்தை மறைக்காமல், புதியதற்குப் பக்கத்தில் வைத்து, ஏன் வித்தியாசம் என்று ஒரு பக்கம் எழுதினான். சமர்ப்பித்த அன்று அந்தப் பக்கத்தில்தான் அதிக கேள்வி கேட்டார்களாம்.

போன வாரம் வகுப்பில் மார்பிள் பையை மறுபடி எடுத்தேன். குலுக்கி முடித்த பிறகு, சுவரில் தொங்கிய கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்தேன். "இதைக் குலுக்கலாமா?" என்று கேட்டேன். பதினைந்து வருடமாக நான் கேட்க மறந்த கேள்வி.