நூறு கேள்வி, ஒன்பது பதில்

போன வருஷம் எங்க சேனல்ல பிளஸ் டூ முடிச்ச தம்பி தங்கைகளுக்காக TNEA கவுன்சலிங் பற்றி ஒரு கேள்வி-பதில் வீடியோ போட்டோம். வந்த வரிசையிலேயே கேள்விகளைப் படித்துப் பதில் சொன்னேன். 41 நிமிஷம். மறுநாள் ஒரு தம்பியின் கமெண்ட்: "அண்ணா, சாய்ஸ் வரிசை பத்தி கேட்டிருந்தேன். பதில் கிடைக்கல, லாக் பண்ணிட்டேன்." அவன் பதில் 33வது நிமிஷத்தில் இருந்தது. அதுவரை அவன் பார்க்கவே இல்லை.

இந்த வருஷம் நூறுக்கும் மேல் கேள்விகள் வந்தன. எல்லாவற்றையும் ஒரு ஷீட்டில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் பதிலை மட்டும் ஒரே வரியில் எழுதினேன். "178க்கு என்ன கிடைக்கும்?", "கட்-ஆஃப் எப்படி போடுறது?", "பிசிக்ஸ் கம்மி, பரவாயில்லையா?" மூன்றும் வேறு வேறு கேள்வி மாதிரி தெரியும். ஆனா மூணு பேருக்குமே முதல்ல தெரிய வேண்டியது கட்-ஆஃப் கணக்குதான். இப்படிக் கேள்வியின் வார்த்தையைப் பார்க்காமல் பதிலைப் பார்த்துச் சேர்த்தால் ஒன்பது குழுதான் வந்தது.

ஒவ்வொரு பதிலுக்கும் 45 விநாடி. முதல் வாக்கியமே பதில், அடுத்தது காரணம், அப்புறம் ஒரு உதாரணம், அவ்வளவுதான். கட்-ஆஃபுக்கு இப்படிச் சொன்னேன்: "கணக்கு மார்க்கை முழுசா எடுங்க, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி ரெண்டையும் பாதியாக்கிக் கூட்டுங்க. மொத்தம் 200க்கு. கணக்கு 92, பிசிக்ஸ் 84, கெமிஸ்ட்ரி 88னா, 92+42+44, அதாவது 178."

சாய்ஸ் வரிசைக்கு: "உங்களுக்கு நிஜமா பிடிச்சதை மேல போடுங்க. கிடைக்காத காலேஜை மேல போட்டதால கீழ இருக்கிற சீட் பறிபோகாது. உங்க முறை வரும்போது மேலிருந்து ஒவ்வொண்ணா பார்த்து, காலியா இருக்கிற முதல் சீட்டைத்தான் தருவாங்க."

ரெண்டு வகைக் கேள்வியை வீடியோவில் சேர்க்கவில்லை. கடைசித் தேதி பற்றியவை ஒன்று; வீடியோ அடுத்த வருஷமும் ஓடும், பழைய தேதி யாரையாவது மாட்டிவிடும். அதற்கு TNEA இணையதளத்தைப் பார்க்கச் சொன்னேன். இன்னொன்று, "எனக்கு இந்த காலேஜ் சரியா?" வீடு, ஃபீஸ், ஆர்வம் எல்லாம் தெரியாமல் 45 விநாடியில் சொல்ல முடியாது. அவர்களுக்குத் தனியாக ரிப்ளை.

கடைசியாக, டிஸ்கிரிப்ஷனில் நேரக்குறிப்பு:

```
0:00 கட்-ஆஃப் கணக்கு
0:45 சாய்ஸ் வரிசை
1:30 காலேஜா, பிராஞ்சா?
```

முதல் வரி 0:00ல் தொடங்கணும், குறைந்தது மூன்று வரி வேணும், ஒவ்வொரு பகுதியும் பத்து விநாடியாவது இருக்கணும். அப்போதான் யூடியூப் அதை அத்தியாயங்களாகப் பிரிக்கும். அதனால்தான் வணக்கம், சப்ஸ்கிரைப் எல்லாம் கடைசிக்குப் போச்சு.

வீடியோ ஏழு நிமிஷத்துக்குள் முடிந்தது. சாய்ஸ் வரிசை 45வது விநாடியிலேயே வந்துவிடுகிறது. நீங்க ஒண்ணு எடுக்கும்போது, எந்தப் பதில் தாமதமானா ஒருத்தருக்கு நஷ்டமோ, அதை முன்னாடி வைங்க.