கருப்பட்டிக்குப் பின்னால் என்ன நிறம்?



ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டருக்கு யார் வேலை வைக்கப் போகிறார்கள் என்று இருந்தேன். போன ஆவணியில் ஒரு போன். உடன்குடிப் பக்கம் வாக்கப்பட்டுப் போன பழைய மாணவி.

"சார், கருப்பட்டி விக்கேன். படம் எடுத்துப் போட்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டேங்காங்க. மழை தொடங்கிட்டா கசிஞ்சுரும் சார். நூறு கிலோவுக்கு மேல கெடக்கு."

படத்தை அனுப்பச் சொன்னேன். நல்ல சிரட்டைக் கருப்பட்டி. ஆனால் தேக்கு மேசை மேல் வைத்து எடுத்திருந்தாள். பழுப்பு மேல் பழுப்பு. எது மேசை, எது கருப்பட்டி என்று நானே கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

"போன்லயே படத்தைத் திருத்துற இடத்துல நிறத்தை முழுசாக் குறைச்சு, கறுப்பு வெள்ளையா ஆக்கிப் பாரும்மா" என்றேன். பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே சாம்பலா இருக்கு சார்" என்றாள். அதுதான் முதல் சோதனை. பொருளையும் பின்னணியையும் முதலில் பிரிப்பது நிறம் அல்ல, வெளிச்ச அளவு. கறுப்பு வெள்ளையில் பிரியாத பொருள், கைப்பேசியில் கட்டைவிரல் அளவுப் படமாக ஓடும்போது கண்ணில் நிற்காது.

மறுநாள் வெள்ளை வேட்டியை விரித்து எடுத்து அனுப்பினாள். இப்போது நன்றாகவே பிரிந்தது. ஆனால் கருப்பட்டி கரித்துண்டு போல இருந்தது. மேலே இருக்கும் சொரசொரப்பு, உடைந்த இடத்தின் மினுமினுப்பு எதுவும் தெரியவில்லை.

இதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, போனின் கேமரா. படம் முழுக்க வெள்ளையாக இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு மொத்தத்தையும் இருட்டாக்கிவிடும். திரையில் கருப்பட்டியின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டினால் இதைச் சரிசெய்யலாம். இரண்டாவது காரணம் நம் கண். வெள்ளைக்குப் பக்கத்தில் இருக்கும் கருமை இன்னும் கருமையாகத் தெரியும்.

இந்த இரண்டாவது சங்கதியை ஆராய்ந்து எழுதியவர் ஷெவ்ரெல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர். 1824இல் பாரிசில் கோப்லேன் என்ற புகழ்பெற்ற சித்திரத்திரை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவரானார். அங்கே ஒரு புகார். நீலம், ஊதாத் துணி மடிப்புகளின் நிழலுக்குப் போடும் கறுப்பு நூலில் அழுத்தம் இல்லையாம். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையில்லை. பக்கத்தில் இருந்த நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின. 1839இல் அதை ஒரு பெரிய புத்தகமாகவே எழுதினார். அடுத்தடுத்து இருக்கும் இரண்டு நிறங்கள் ஒன்றையொன்று எதிர்ப்பக்கம் தள்ளும் என்பதே அதன் சாரம்.

இதெல்லாம் தெரிந்த நான்தான் அடுத்து ஒரு தப்புப் பண்ணினேன்.

வகுப்பில் நிறவட்டம் போட்டது நினைவிருக்கிறதா? பழுப்பு அந்த வட்டத்தில் இருக்காது. ஏனென்றால் பழுப்பு தனி நிறமே இல்லை, இருண்ட ஆரஞ்சுதான். ஆரஞ்சுக்கு நேர் எதிரே இருப்பது நீலம். "நல்ல நீலத்துணி மேல வை" என்றேன். கல்யாணத்துக்கு எடுத்த மயில்நீலச் சேலையை விரித்தாள். படம் ஜொலித்தது! அன்று சாயங்காலமே ஆர்டர் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பத்து நாளில் மூன்று பேர் திருப்பி அனுப்பினார்கள். "படத்துல செவப்பா இருந்துச்சு, வந்தது கறுப்பா இருக்கே" என்றார் ஒருவர். இன்னொருவர் வாங்காமலே, "இம்புட்டுச் செவப்பா இருக்கே, சீனி கலந்ததா?" என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வியில்தான் பிள்ளை அழுதுவிட்டாள். அடுப்படியில் வெந்து காய்ச்சிய சரக்கு அல்லவா?

என்ன நடந்தது? கடும் நீலம் பக்கத்தில் இருந்ததால் பழுப்பிலிருந்த ஆரஞ்சு தூக்கலாகத் தெரிந்தது. அது கண் செய்த வேலை. போதாததற்கு, படம் நிறைய நீலம் இருப்பதைக் கண்ட கேமரா, வெளிச்சமே நீலம் என்று எண்ணி, ஈடுகட்ட மஞ்சளும் சிவப்பும் சேர்த்துவிட்டது. சேலையின் பளபளப்பு வேறு கருப்பட்டியின் அடிப்பக்கத்தில் நீலமாக ஏறியிருந்தது. எதிர்நிறம் சரிதான், அதன் வீரியம்தான் கூடிப்போனது.

பிறகு நானே ஒரு அட்டை தயார் செய்தேன். இரண்டடிக்கு மூன்றடி. போஸ்டர் கலரில் வெள்ளை பத்துப் பங்கு, நீலம் ஒரு பங்கு. அதோடு காவிப்பழுப்பு ஒரு துளி. எதிர்நிறம் ஒரு துளி சேர்ந்தால் நீலத்தின் கூச்சல் அடங்கிச் சாம்பல் ஏறும். உலர்ந்ததும் பார்த்தால், நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவர் மாதிரியே இருந்தது. பளபளப்பும் இல்லை.

அட்டையைப் பேருந்தில் கொடுத்தனுப்பி, போனில் சொன்னேன். ஜன்னலோரம், வெயில் நேரே படாத இடம். அட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கருப்பட்டியை ஒன்றரை அடி முன்னால் வைக்க வேண்டும். அப்போதுதான் அட்டையின் நிறம் பொருள்மேல் ஏறாது. கீழே ஓலைப்பாய்த் துண்டு ஒன்று. ஓலையின் வைக்கோல் மஞ்சள், பழுப்புக்குப் பங்காளி. எதிரி நிறம் பின்னால் வெளிறி நிற்க, பங்காளி நிறம் காலடியில் கொஞ்சமாக இருந்தால் இரண்டும் சண்டை போடாது.

கடைசிச் சோதனை: எடுத்த படத்தையும் அசல் கருப்பட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வீட்டில் வேறு ஒருவரிடம் காட்ட வேண்டும். அவள் மாமியாரிடம் காட்டினாள். அம்மா சொன்னது ஒரே வார்த்தை: "நம்ம சரக்குதான்."

மயில்நீலத்துக்கு வந்த அளவு ஆர்டர் இதற்கு வரவில்லை. மெதுவாகத்தான் வந்தது. ஆனால் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஐப்பசி மழைக்கு முன் முக்கால்வாசி தீர்ந்தது.

போன வாரம் மறுபடியும் போன். அதே அட்டையில் பனங்கற்கண்டை வைத்து எடுத்தாளாம், காணாமலே போய்விட்டதாம்! போகத்தானே செய்யும்? கற்கண்டு வெளிறியது, அட்டையும் வெளிறியது. "கறுப்பு வெள்ளையில பாத்தியா?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அட்டையைத் திருப்பி, பின்பக்கம் கருநீலத்துல சாம்பல் கலந்து அடிச்சுக்கிடவா சார்?" என்றாள்.

அடித்திருக்கிறாள். படம் வந்தது. கற்கண்டின் ஒவ்வொரு முனையும் தனித்தனியாகத் தெரிகிறது.