டப்ளினுக்குப் போன இரண்டு கவர்

எங்கள் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் வருவது ராஜாஜி பிறந்த வீட்டைப் பார்க்க. ஊர்ப் பெண்கள் வெளியே போவது ஓசூர் கம்பெனி வேனில், இல்லாவிட்டால் பெங்களூருக்கு நர்சிங் படிக்க. ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர், சென்னை 300-க்கு மேல். அக்கா மகளும் அப்படித்தான் பெங்களூரில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தாள். இன்று அயர்லாந்துக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தாள் வேலை என் தலையில். மறந்துபோகுமுன் எழுதி வைக்கிறேன்.

*

அவள் கதை சுருக்கமாக. 2012 முதல் 2016 வரை படிப்பு. 2016 கடைசியில் கர்நாடக மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு. பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு வேலை. 2019-இல் கல்யாணமாகி ஓசூருக்கு வந்ததும் பதிவைத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சிலுக்கு மாற்றிக்கொண்டாள். அதற்குப் பெங்களூரிலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். சென்னை கவுன்சில், இவள் நிஜமாகவே அங்கே பதிந்தவள்தானா என்று விசாரித்துக்கொண்டுதான் புது நம்பர் தரும். வெளிநாட்டு வெரிஃபிகேஷன் என்று இன்று பெரிதாகப் பேசுகிற காரியத்தின் உள்ளூர் ஒத்திகை அது. அன்றைக்கு நாங்கள் அப்படி நினைக்கவில்லை, ‘டிரான்ஸ்பர்’ என்று சொல்லி மறந்துவிட்டோம்.

*

அயர்லாந்தில் நர்சுகளைப் பதிவு செய்வது என்.எம்.பி.ஐ., டப்ளின் பக்கம் பிளாக்ராக்கில் இருக்கிறது. அவர்களுக்கு நம் கையில் இருக்கும் சான்றிதழ் வெறும் காகிதம். அதைக் கொடுத்த அலுவலகமே நேராக எழுதி, ‘ஆமாம், இவர் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இன்ன தேதியிலிருந்து, இன்ன தேதிவரை செல்லும், மேலே நடவடிக்கை எதுவும் இல்லை’ என்று சொன்னால்தான் கணக்கு. ஊரில் எல்லாரும் ‘குட் ஸ்டாண்டிங்’ என்பது இதைத்தான்.

வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு வேறு வழி. அங்கே டேட்டாஃப்ளோ என்ற கம்பெனி நடுவில் நின்று, அதுவே கல்லூரிக்கும் கவுன்சிலுக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளும். துபாய் போன பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் யோசனை கேட்டதில் எங்களுக்கு ஒரு வாரம் வீண்.

*

வரிசை இப்படி. முதலில் டப்ளினில் ஆன்லைனில் கணக்குத் திறந்து விண்ணப்ப எண் வாங்க வேண்டும். அந்த எண் இல்லாமல் கவுன்சில் தாள் போனால் எந்த ஃபைலில் சேர்ப்பது என்று அங்கே தெரியாது. பிறகு படிவம். அதில் மேல் பாதி நம்முடையது: பெயர், பதிவு எண், ‘என் விவரத்தைக் கொடுக்கச் சம்மதம்’ என்று கையெழுத்து. கீழ்ப் பாதி கவுன்சிலுடையது, அதில் நாம் பேனாவே வைக்கக் கூடாது. கட்டணம் கட்டிய ரசீது, பதிவுச் சான்று, பட்டம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால், உள்ளே கிளார்க் பதிவேட்டோடு ஒப்பிட்டு நிரப்புவார். கடைசியில் பதிவாளர் கையெழுத்து, முத்திரை.

கவர் நம் கைக்கு வராது, வரவும் கூடாது. கவுன்சிலே ஒட்டி, ஒட்டின இடத்தில் சீல் வைத்து அனுப்பும், அல்லது அலுவலக மின்னஞ்சலிலிருந்து அனுப்பும். நமக்கு வேண்டியது டெஸ்பாட்ச் எண்ணும் தேதியும். ஸ்பீடு போஸ்ட் என்றால் 13 இடம் உள்ள எண்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் `IN`. அதைக் கேட்டு வாங்காமல் வாசல் படி இறங்கக் கூடாது.

*

நாங்கள் செய்த தப்பு. இப்போது நடப்பில் இருப்பது சென்னைப் பதிவுதானே என்று அதை மட்டும் விண்ணப்பத்தில் போட்டோம். சென்னைக்கு இரண்டு முறை போய், தாளும் போய்ச் சேர்ந்தது. ஆறு வாரம் கழித்து டப்ளினிலிருந்து கேள்வி.

“மாமா, நான் லைசென்ஸ் இல்லாம வேலை பாத்தேன்னு கேக்கறாங்க!” என்று போனில் அழாத குறை.

எடுத்து வைத்துப் பார்த்தால் அவர்கள் கேட்டதில் பிழை இல்லை. சென்னைத் தாளில் பதிவு தேதி 2019. பெங்களூர் ஆஸ்பத்திரி கொடுத்த அனுபவச் சான்றில் வேலை தொடக்கம் 2017. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற வெள்ளைக்காரிக்கு, இரண்டு வருஷம் பதிவே இல்லாமல் நோயாளிக்கு ஊசி போட்டதாகத்தான் தெரியும். சென்னைத் தாளும் பொய் சொல்லவில்லை. தன் ஏட்டில் இவள் ஏறிய தேதியைத்தான் அது சொல்ல முடியும். அதற்கு முந்தைய காலத்துக்குச் சாட்சி பெங்களூர் மட்டும்தான்.

இப்போது நடப்பில் இருப்பது மட்டுமல்ல, இதுவரை பதிந்த ஒவ்வொரு கவுன்சிலிலிருந்தும் தாள் போக வேண்டும். எல்லையில் இருக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முதல் விஷயம். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டைத் தினமும் தாண்டுகிறவர்களுக்கு அது வேறு மாநிலம் என்பதே மறந்துபோகும்.

*

பெங்களூருக்குக் கொடுத்த மனுவில் இந்த முறை ஒரு வரி சேர்த்தோம்: முதல் பதிவு தேதி எது, தடையில்லாச் சான்று கொடுத்த தேதி எது, இரண்டையும் குறிப்பிடவும். சங்கிலியின் இரண்டு கண்ணியும் கோர்க்கும் இடம் அதுதான். 2016 முதல் 2019 வரை ஒரு தாள், 2019 முதல் இன்றுவரை இன்னொன்று. நடுவில் இடைவெளி விழுந்தால், புதுப்பிக்காமல் விட்ட மாதங்கள் இருந்தாலும் சரி, அதற்கு முன்கூட்டியே விளக்கம் எழுதி வைப்பது நல்லது.

*

பெயர். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் முன்னால். பெங்களூர் பட்டத்தில் அதே எழுத்து பின்னால். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாகி, ‘சர்நேம்’ கட்டத்தில் உட்கார்ந்துவிட்டது. மூன்றும் ஒருத்திதான் என்று ஓசூரில் யாருக்கும் சொல்ல வேண்டாம். கவுன்சில் தன் ஏட்டில் உள்ளதைத்தான் எழுதும், பாஸ்போர்ட்டுக்காக மாற்றாது. ஆகவே டப்ளின் விண்ணப்பத்தில் ‘பதிவின்போது இருந்த பெயர்’ என்ற இடத்தில் ஏட்டில் உள்ளபடி புள்ளி உட்பட எழுதி, மூன்று பெயரும் ஒருவரே என்று நோட்டரி உறுதிமொழி ஒன்றும் ஏற்றினோம்.

*

சின்ன விஷயங்கள். ஒழுங்கு நடவடிக்கை என்ற கட்டத்தை வெறுமையாக விட்டால் ‘இல்லை’ என்று பொருள் ஆகாது, ‘பதில் சொல்லவில்லை’ என்றுதான் ஆகும். மனுவோடு ஒரு துண்டுத்தாளில் ‘எந்தக் கட்டமும் காலியாக வேண்டாம்’ என்று பணிவாக எழுதி வைக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இங்கே பி.எஸ்சி. முடித்தவள் நர்சும் மிட்வைஃபும் ஆகிவிடுகிறாள். அங்கே அவை பதிவேட்டில் தனித்தனிப் பிரிவு. இவள் கேட்பது பொது நர்ஸ் பிரிவு மட்டும்.

எத்தனை மணி நேரம் தியரி, எத்தனை மணி நேரம் வார்டு என்பதற்குக் கவுன்சில் பொறுப்பில்லை, அது கல்லூரியும் ஜெயநகரில் இருக்கும் ராஜீவ் காந்தி சுகாதாரப் பல்கலைக்கழகமும் சம்பந்தப்பட்டது. அதற்கு வேறு நோட்டு வேண்டும்.

*

தாள் போய்ச் சேர்ந்தபின் டப்ளின் சில சமயம் கவுன்சிலுக்கே மெயில் போட்டு ‘இது நீங்கள் அனுப்பியதா’ என்று கேட்கும். அந்த மெயில் பதிலில்லாமல் கிடந்தால் நம் ஃபைலும் கிடக்கும், நமக்கோ காரணம் தெரியாது. அதனால்தான் டெஸ்பாட்ச் எண். அதைச் சொல்லி விசாரித்தால் கிளார்க் இரண்டு நிமிஷத்தில் பதிவை எடுத்துவிடுகிறார், பெயரைச் சொல்லி விசாரித்தால் அரை நாள்.

பெங்களூர் கவர் அயர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டதாக நேற்று ராத்திரி டிராக்கிங் காட்டியது. அவளுக்கு நைட் டூட்டி. மெசேஜ் போட்டேன். விடியற்காலை நாலரைக்குப் பதில் வந்தது: “மாமா, அந்த மெட்ராஸ் தாளுக்குத் தேதி போட்டு அஞ்சு மாசமாச்சே, அதையே ஏத்துக்குவாங்களா?”