எட்டு மணி மூன்று நிமிடம்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போனவர்களுக்கு வல்லம் வடகால் சிப்காட் தெரிந்திருக்கும். பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்கக்கூடிய பிரம்மாண்டமான குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது இங்கேதான். ஷிப்ட் முடிகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும்.

இந்தத் தொழிற்பேட்டையில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஐ.டி. உதவிப் பிரிவில் அவர் வேலை பார்க்கிறார். உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர். நான்கு வருடம் லைனில் நின்று வேலை செய்துவிட்டு, அஞ்சல்வழியில் பட்டம் முடித்து இந்த நாற்காலிக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’.

தொழிலாளர்களின் போனில் ஒரு ஆப் இருக்கிறது. வருகைப் பதிவு, லீவு, ஓ.டி., சம்பளச் சீட்டு எல்லாம் அதில்தான். அதில் ஏதாவது கோளாறு என்றால் ‘புகார்’ பட்டனை அழுத்தி எழுதலாம். அப்படி வரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் விழும். அதை டிக்கெட் என்கிறார்கள். காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் ஐம்பது, அறுபது டிக்கெட்டுகள் காத்திருக்கும். ஆனால், ஆப்பைத் திருத்தும் புரோகிராமர்கள் மூன்றே பேர். எது அவர்கள் மேஜைக்குப் போக வேண்டும், எது போகக் கூடாது என்று பிரித்துக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை.

முதல் பிரிப்பு சுலபம். பாஸ்வேர்டு மறந்தது, போனில் இடம் இல்லாதது போன்றவற்றுக்கு உடனே பதில் எழுதி முடித்துவிடலாம். ‘ஆப்பில் பஸ் வரும் நேரமும் காட்டுங்க’ என்பது புகார் அல்ல, விருப்பம். அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. ஏற்கெனவே தெரிந்த கோளாறு என்றால் பழைய டிக்கெட்டோடு சேர்த்துவிடலாம். இவ்வளவும் போக மிஞ்சுவதில்தான் சிக்கல்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வாரத்தில் எட்டு டிக்கெட்டுகள் இப்படி மிஞ்சின.

‘நைட் ஷிப்ட் பார்த்தேன். ஆப்சென்ட்னு காட்டுது.’

‘ஓ.டி. ஏறல.’

‘ஆப் சரியில்ல, சம்பளம் புடிச்சிருவாங்களா?’

இவற்றோடு விசித்திரமாக ஒன்று. ‘நான் காலையில எட்டு மணிக்கு உள்ள வந்தேன்னு காட்டுது. அப்போ நான் ரூமுக்குப் போற பஸ்ல இருந்தேன்.’

பக்கத்து சீட்டுத் தம்பி இதைப் படித்துவிட்டுச் சிரித்தார். “பஸ்ல இருந்துக்கிட்டே எப்படிக்கா பஞ்ச் விழும்? தூக்கக் கலக்கத்துல எழுதியிருக்கும் அந்தப் பொண்ணு. மூடிடவா?”

“இருப்பா. அது என்ன பார்த்துச்சுன்னு எழுதியிருக்கு. ஏன்னு கண்டுபிடிக்கறது நம்ம வேலை” என்றார் அக்கா.

இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்த ஓர் உண்மைச் சம்பவம் உண்டு. 2009-ல் உபுண்டு பயன்படுத்திய ஒருவரின் மனைவி, செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அச்சு வருவதில்லை என்றார். கவனித்துப் பார்த்தால் அது நிஜம்! அச்சுக்குப் போகும் கோப்பின் தலைப்பகுதியில் அன்றைய தேதி எழுதப்படும். செவ்வாய் என்றால் `Tue` என்று வரும். கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிக்கும் `file` என்ற கட்டளையில் இருந்த ஒரு விதி தவறாக எழுதப்பட்டிருந்தது. குறிப்பிட்ட இடத்தில் அந்த மூன்று எழுத்தைப் பார்த்ததும், ‘இது அச்சுக்கோப்பு அல்ல, எர்லாங் என்ற கணினி மொழியின் கோப்பு’ என்று அது முடிவுகட்டிவிட்டது. அதனால் அச்சு வரவில்லை. அந்த அம்மாவுக்குக் காரணம் தெரியாது. ஆனால், அவர் கவனித்துச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

புகாரில் எப்போதும் இரண்டு பங்கு இருக்கும். ஒன்று, கண்ணால் பார்த்தது. மற்றொன்று, அதற்கு அவர்களாக நினைத்துக்கொண்ட காரணம். ‘ஆப் சரியில்லை’ என்பது காரணம். ‘எட்டு மணிக்கு உள்ளே வந்ததாகக் காட்டுகிறது’ என்பது பார்த்தது. அக்கா இரண்டாவதைத்தான் தேடுவார்.

எட்டுப் பேருக்கும் அவர் ஒரே கேள்விகளை அனுப்பினார். எந்தத் தேதி? எந்த ஷிப்ட்? எந்த கேட்? உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் என்ன? ஓ.டி. பார்த்தீர்களா? திரையைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா? பதில்களை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார்.

எட்டுப் பேருமே நைட் ஷிப்ட். இரவு 10-லிருந்து காலை 6 வரை. ஆனால், அதே ஷிப்டில் இருந்த மற்றவர்களுக்குப் பிரச்னையே இல்லை. ஆகவே ‘நைட் ஷிப்ட் கோளாறு’ என்று எழுதி அனுப்பியிருந்தால், புரோகிராமர் சோதித்துப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

அடுத்த கட்டத்தில் விஷயம் கிடைத்தது. ஏழு பேர் இரண்டு மணி நேரம் ஓ.டி. பார்த்து, காலை 8-க்கு வேலையை முடித்தவர்கள். ஓ.டி. பார்த்த எல்லோருக்கும்கூட இப்படி ஆகவில்லை. ஆகாதவர்கள் 7:58, 7:59-க்கு பஞ்ச் செய்திருந்தார்கள். ஆனவர்கள் 8:02, 8:03, 8:06. அதில் பெரும்பாலோர் மூன்றாம் கேட். அங்கே பஞ்ச் மெஷின் ஒன்றுதான், வரிசை நீளம்.

எட்டாவது பெண் ஓ.டி. பார்க்கவே இல்லை. அவருடைய பதிவில் உள்ளே வந்த பஞ்சே கிடையாது. விரல் ரேகையை மெஷின் எடுத்துக்கொள்ளவில்லை, மறுபடி வைக்கச் சொன்ன சத்தத்தைக் கவனிக்காமல் அவர் போயிருக்கிறார். அவர் திரையிலும் அதே ‘ஆப்சென்ட்’தான். ஆனால் நோய் வேறு. கண்ணை மூடிக்கொண்டு ஏழோடு சேர்த்திருந்தால், அந்த ஏழும் சரியான பிறகும் இவர் ஆப்சென்டாகவே இருந்திருப்பார். அந்த டிக்கெட்டைப் பிரித்து, மெஷின் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினார் அக்கா.

இப்போது சோதனை. பரிசோதனைக்கென்றே இருக்கும் தனி சர்வரில் ஒரு பொய்த் தொழிலாளியை உருவாக்கி, இரவு 9:50-க்கு உள்ளே வரவைத்து, காலை 7:59-க்கு வெளியே அனுப்பினார். ‘பிரசென்ட்’. அதையே 8:01 ஆக்கினார். ‘ஆப்சென்ட்’. மூன்று முறை செய்தும் இதே முடிவு.

காரணம் ஊகிக்கக்கூடியதாகிவிட்டது. நைட் ஷிப்டில் உள்ளே வருவது ஒரு தேதி, வெளியே போவது மறு தேதி. அதற்காக, காலை 8 மணி வரை விழும் பஞ்சை முந்தின நாள் கணக்கில் சேர்க்கும்படி ஒரு கோடு போட்டிருந்தார்கள். 8 மணி தாண்டினால் அது புதிய நாளின் ‘உள்ளே வந்த’ பஞ்ச். முந்தின இரவுக்கோ வெளியே போன பஞ்ச் இல்லை. அது இல்லாவிட்டால் ஆப்சென்ட் என்பது விதி. ஆக, கூடுதலாக இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு, வரிசையில் மூன்று நிமிடம் நின்றவருக்கு அந்த இரவே காணாமல் போய்விடுகிறது. பஸ்ஸில் இருந்த பெண் சொன்னதும் இதுதான். அவர் வெளியே போகப் பஞ்ச் செய்த 8:03-ஐ, ஆப் ‘உள்ளே வந்தார்’ என்று காட்டியிருக்கிறது.

இனி இது டிக்கெட் அல்ல, வேலை. அக்கா எழுதியது இவ்வளவுதான்:

‘நைட் ஷிப்ட் ஊழியர் காலை 8:00-க்குப் பிறகு வெளியே பஞ்ச் செய்தால் முந்தின இரவு ஆப்சென்ட் ஆகிறது. செய்து பார்க்க: உள்ளே 21:50, வெளியே 08:01. வர வேண்டியது: பிரசென்ட், 2 மணி நேரம் ஓ.டி. வருவது: ஆப்சென்ட். 07:59 என்றால் சரியாக வருகிறது. ஏழு டிக்கெட்டுகள் இணைப்பில்.’

எப்படித் திருத்த வேண்டும் என்று அவர் எழுதவில்லை. ‘8 மணிக் கோட்டை 8:30 ஆக்குங்கள்’ என்று எழுதியிருந்தால் அதை மட்டும் செய்துவிட்டுப் போயிருப்பார்கள். மழை நாளில் 8:31-க்குப் பஞ்ச் செய்தவர் மறுபடி ஆப்சென்ட் ஆகியிருப்பார்.

அடுத்த கேள்வி, எவ்வளவு அவசரம்? புரோகிராமர் ஒருவர், “ஆயிரக்கணக்கான பேர்ல ஏழு பேருக்கா. சூப்பர்வைசரே கையால திருத்திடலாமே. அடுத்த மாசம் பார்க்கலாம்” என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கோளாறு எவ்வளவு பெரியது என்பது வேறு, எவ்வளவு சீக்கிரம் திருத்த வேண்டும் என்பது வேறு. மாற்று வழி இருக்கிற கோளாறு காத்திருக்கலாம். ஆனால், திருத்தச் சொல்லி யார் சூப்பர்வைசரிடம் போவார்கள்? தன் பதிவைப் பார்த்தவர் மட்டும்தானே?

“புகார் எழுதினவங்க ஏழு பேரு சார். எழுதாதவங்க எத்தனை பேருன்னு பார்த்துச் சொல்லுங்களேன்” என்றார் அக்கா. உள்ளே பஞ்ச் மட்டும் இருந்து, மறுநாள் காலை 8-க்கும் 8:30-க்கும் இடையில் இன்னொரு பஞ்ச் விழுந்த நைட் ஷிப்ட்காரர்களை அந்த மாதப் பதிவில் தேடினார்கள். 41 பேர்! மாதக் கணக்கு 25-ம் தேதி மூடும். அன்று 19.

அதற்குப் பிறகு யாரும் அடுத்த மாதம் என்று சொல்லவில்லை. 41 பேரின் பதிவும் முதலில் கையால் சரிசெய்யப்பட்டது. ஆப்பில் நேரக் கோட்டையே எடுத்துவிட்டு, வெளியே போன பஞ்சை அதற்கு முன் திறந்திருக்கும் உள்ளே வந்த பஞ்சோடு ஜோடி சேர்க்கும்படி மாற்றினார்கள். 24-ம் தேதி அது வந்தது. அக்கா அதே பொய்த் தொழிலாளியை 7:59, 8:01, 8:31 என்று மறுபடி வெளியே அனுப்பிப் பார்த்த பிறகுதான் டிக்கெட்டுகளை மூடினார்.

மூடும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போனது. பஸ்ஸில் இருந்த பெண்ணுக்குப் போனது இது: ‘நீங்க சொன்னது சரிதாம்மா. 8:03-க்கு நீங்க வெளியே போன பஞ்சை ஆப் தப்பாக எடுத்துக்கொண்டது. அந்த நைட் ஷிப்டும் இரண்டு மணி நேர ஓ.டி.யும் உங்கள் கணக்கில் ஏறிவிட்டது. ஒருமுறை திறந்து பார்த்துச் சொல்லுங்க.’

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘ஏறியிருக்குக்கா. என் ரூம்ல இன்னும் ரெண்டு பேருக்கு இப்படித்தான் இருந்துச்சு, அவங்களுக்கும் பார்ப்பீங்களா?’

அக்கா 41 பேரின் பட்டியலை எடுத்துப் பார்த்தார். இரண்டு பேரும் அதில் இருந்தார்கள்.