வெறுந்தட்டு திரும்பக் கூடாது

மேருவில் ஒரு தாமான். வரிசை வீடுகள். நடுவில் உள்ள ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறை அலமாரியில் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று ஏழு மாதங்களாகக் காத்திருந்தது. நோன்புப் பெருநாளன்று பக்கத்து வீட்டு மாக்சிக் கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் வைத்துக் கொடுத்தனுப்பிய தட்டு அது. அதை வெறுமனே திருப்பித் தர அம்மாவுக்கு மனம் வரவில்லை. தீபாவளிக்கு முறுக்கும் நெய்யுருண்டையும் வைத்துத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஆண்டு தட்டோடு ஒரு வாழ்த்து அட்டையும் போகட்டும் என்றார் அப்பா. அதற்கு ஒரு காரணம் இருந்தது. முந்தைய தீபாவளிக்கு மாக்சிக் வேலியருகே வந்து, "இன்று உங்கள் புத்தாண்டா?" என்று மலாயில் கேட்டிருந்தார். கேட்டவர் பத்து ஆண்டுகளாகப் பக்கத்து வீட்டில் இருப்பவர். அவருக்கு இதுவரை யாரும் விளக்கிச் சொன்னதில்லை. தவறு கேட்டவருடையதன்று.

எழுதும் பொறுப்பு படிவம் நான்கில் படிக்கும் மகளிடம் வந்தது. 'செலாமாட் ஹாரி தீபாவளி' என்ற வரியை அவள் முதலில் எழுதினாள். உடனே ஓர் ஐயம் எழுந்தது. தீபாவளி கொண்டாடுபவருக்கு மற்றவர் சொல்லும் வாழ்த்தல்லவா இது? கொண்டாடும் வீட்டார் அதையே திருப்பிச் சொன்னால் பொருந்துமா? அப்பாவிடம் கேட்டாள். "அட்டையின் தலைப்பாக இருக்கட்டும். அதன் கீழே, வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்துவிடு" என்றார் அவர்.

விளக்கம்தான் கடினமாக இருந்தது. நரகாசுரன் இறந்த நாளை நாங்கள் கொண்டாடுகிறோம் என்று அவள் மலாயில் எழுதியிருந்தாள். படித்துப் பார்த்த அம்மா முகம் சுளித்தார். "கதை தெரியாதவர் படித்தால், யாரோ செத்ததற்கு நாம் பலகாரம் சுடுகிறோம் என்றல்லவா நினைப்பார்?"

அப்போது அப்பா ஒன்றைக் கவனித்தார். அசுரனின் பெயரில் உள்ள நரகம், மலாயில் 'நெராகா'. கொடிய பூதத்தை மலாய்க்காரர்கள் 'ரக்சாசா' என்பார்கள். இரண்டும் சமஸ்கிருதத்திலிருந்து மலாய்க்கு வந்த சொற்கள். மாக்சிக்குக்கு அவற்றை விளக்க வேண்டியதே இல்லை. ஆகவே மகள் இப்படி மாற்றி எழுதினாள்: 'உலகத்தைத் துன்புறுத்திய ஒரு ரக்சாசாவின் கொடுமை முடிந்த நாள் இது. தன் நினைவாக மக்கள் மகிழ வேண்டும் என்று இறக்கும்போது அவனே கேட்டுக்கொண்டதாகக் கதை. அதனால் விளக்கேற்றுகிறோம். இது எங்கள் புத்தாண்டு அன்று. புத்தாண்டு ஏப்ரலில் வரும்.'

விடியலுக்கு முன்னே எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தையும் சேர்த்தாள். மாக்சிக் வீட்டார் சுபூ தொழுகைக்கு எழும் நேரத்தில் இந்த வீட்டுக் குளியலறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் ஏன் கேட்கிறது என்பது இனி அவர்களுக்குப் புரியும்.

தீபாவளி ஆண்டுதோறும் தேதி மாறுகிறதே என்று மாக்சிக் கேட்கக்கூடும். அதற்கும் ஒரு பத்தி தேவைப்பட்டது. இரண்டு பெருநாள்களும் நிலவை வைத்தே கணிக்கப்படுகின்றன. இஸ்லாமிய ஆண்டு ஏறக்குறைய 354 நாள்களைக் கொண்டது. ஆகவே நோன்புப் பெருநாள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள்கள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். தீபாவளியோ ஐப்பசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. ஐப்பசி சூரியனை வைத்துக் கணக்கிடும் மாதம். அதனால் தீபாவளி அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் நின்றுவிடும். 2005ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி தீபாவளி, 3ஆம் தேதி நோன்புப் பெருநாள். அப்போது கடைத்தெருவெங்கும் 'தீபராயா' என்று எழுதியிருந்ததை அப்பா நினைவுகூர்ந்தார். 2025இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31ஆம் தேதிக்குப் போய்விட்டது. தீபாவளி அக்டோபர் 20.

கடைசியாக, காலை உணவுக்கு வரும்படி அழைப்பு. இட்லி, ஆட்டிறைச்சிக் குழம்பு, அடுத்து தோசை. இறைச்சி ஹலால் கடையில் வாங்கியது என்பதையும் மறக்காமல் குறித்தாள். எழுதி முடித்த அட்டையை வாங்கிய அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். இணையத்தில் பார்த்த எழுத்துக்கூட்டலிலேயே அவள் தோசையை 'டோசா' என்று எழுதியிருந்தாள். மலாயில் அந்தச் சொல்லுக்குப் பாவம் என்று பொருள். பெருநாள் காலையில் பக்கத்து வீட்டாரைப் பாவம் உண்ண அழைத்திருக்கிறாள்! நம் நாட்டு உணவகப் பலகைகளில் உள்ளபடி 'தோசை' என்று திருத்தி, புதிய அட்டையில் முழுவதையும் மறுபடி எழுதினாள்.

தீபாவளிக்கு முந்தைய மாலை, தம்பி தட்டையும் அட்டையையும் கொண்டுபோய்க் கொடுத்தான். கொடுத்ததோடு நில்லாமல், அக்காவின் பிழையையும் சொல்லிவிட்டு வந்தான்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாக்சிக் வாசலில் நின்றார். கோலத்தை மிதிக்காமல் ஓரமாகக் காலணியைக் கழற்றினார். "நான் தோசை சாப்பிட வந்தேன், டோசா வேண்டாம்" என்றார். உள்ளேயிருந்து முதலில் சிரித்தவள் மகள்தான். மாக்சிக்கின் கையில் அதே பூப்போட்ட தட்டு. அதில் இன்னும் சூடு ஆறாத குவே.