குளோரின் ஏற்பாணையில் நான் செய்தது

அஞ்சுகிராமம் சந்திப்பிலிருந்து பஸ் ஏறிப் பல வருடம் ஒரு உள்ளாட்சி அலுவலகத்துக்கு வேலைக்குப் போனேன். கொள்முதல் கோப்புகள் என் மேசையில் இருந்தன. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. தவறு என்னுடையது, அந்த ஊருக்கு அதில் பங்கில்லை. குடிநீர்த் தொட்டிகளில் கலக்கும் பிளீச்சிங் பவுடருக்கான டெண்டரில், வென்றவருக்கு அனுப்ப வேண்டிய ஏற்பாணையை நான் எழுதிய விதத்தால் ஒரு மழைக்காலம் முழுக்க மக்கள் சரியாகக் குளோரின் சேராத தண்ணீரைக் குடித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பழியை ஒரு வியாபாரியின் தலையில் வைத்தேன். இரண்டையும் சொல்லிவிட வேண்டும்.

வருடத்துக்கு 10 டன் பவுடர், தேவைப்படும்போது பகுதி பகுதியாக இறக்க வேண்டும். ஜூன் 3-ஆம் தேதி உறைகளைத் திறந்தோம். கோட்டாற்றுக் கடைக்காரர் ஒருவர் கிலோ 24 ரூபாய் என்று எல்லோரையும் விடக் குறைவாகப் போட்டிருந்தார். மொத்தம் 2,40,000 ரூபாய். முன்வைப்புத் தொகையாக, ஒரு சதவீதக் கணக்கில், 2,400 ரூபாய்க்கு வரைவோலை வைத்திருந்தார். விலை 90 நாள் செல்லும் என்பது டெண்டர் நிபந்தனை. அதாவது செப்டம்பர் 1 வரை.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது. அதன் விதிகள் 2000-இல் வந்தன. மிகக் குறைவாக விலை போட்டவரிடம் இன்னும் குறைக்க முடியுமா என்று பேச அந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பேச்சு முடிந்த பிறகுதான் ஏற்பு. பேசியதை எழுதி, அவர் கையொப்பத்தோடு கோப்பில் வைத்து, அந்த இறுதி விலையை அப்படியே ஏற்று ஆணை போட வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஜூலை முழுவதும் அவரைக் கூப்பிட்டுப் பேசவில்லை. வேறு கோப்புகள் இருந்தன என்று சொல்லலாம். இருந்தன, ஆனால் இதை அடியில் வைத்தது நான்தான். ஆகஸ்டில் அதிகாரி, “ஒரு ரூபா குறைப்பாரான்னு கேட்டீங்களா?” என்று கேட்டபோது, கேட்டுவிடுகிறேன் என்று சொல்லி, கேட்பதை ஏற்பாணைக்குள்ளேயே நுழைத்துவிட்டேன். அன்று சாயங்காலமே கடைக்காரருக்குப் போன் போட்டு, “டெண்டர் உங்களுக்குத்தான் அண்ணாச்சி, சரக்கை ஏற்பாடு பண்ணிக்கிடுங்க” என்றும் சொன்னேன். ஆணை கையெழுத்தாகும் முன்பே இப்படிச் சொல்வதற்கு எனக்கு உரிமை கிடையாது. அவர் சந்தோஷப்பட்டார், எனக்கும் அது பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 20 தேதியிட்டுப் போன கடிதத்தின் முக்கிய வாக்கியம் இது: “தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்பட்டுள்ளது, கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக்கொள்ள இசைவு தெரிவித்து, காப்புத் தொகை செலுத்தி ஒப்பந்தம் செய்துகொண்டு, பொருளை விரைந்து வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.” அலுவலக நடையில் எந்தக் குறையும் தெரியாது. அதனால்தான் மேலே கையெழுத்தாகி வந்தது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஏற்பு என்றால் நிபந்தனை இல்லாமல் முழுமையாக இருக்க வேண்டும் என்கிறது. அவர் 24 என்றார். நாங்கள் “சரி, ஆனால் 23” என்றோம். சட்டத்தின் கண்ணில் இது அவர் விலையை ஏற்றது ஆகாது. எங்கள் பக்கத்திலிருந்து போன புது விலைப்பேச்சு. “ஏற்கப்பட்டுள்ளது” என்ற சொல் கடிதத்தில் இருந்தும் அதனால் பயனில்லை. நிபந்தனையில்லாமல் எழுதிப் பதிவுத் தபாலில் சேர்த்திருந்தால், கடிதம் எங்கள் கையை விட்டுப் போன அந்த நிமிடமே அவரைக் கட்டுப்படுத்தியிருக்கும். நான் எழுதிய கடிதம் யாரையும் கட்டுப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 27 அன்று அவரிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். விலையைக் குறைக்க இயலாது, 24 ரூபாய்க்கு ஏற்பதானால் தெரிவிக்கவும், காப்புத் தொகை எவ்வளவு, எந்தப் பெயரில், எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், முதல் லோடு எத்தனை மூட்டை, எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். இத்தனையும் நான் முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியவை. செப்டம்பர் 1-க்குள் இரண்டு வரி எழுதி அனுப்பியிருந்தால் அப்போதும் காரியம் கெட்டிருக்காது. நான் விலை செல்லும் தேதியைப் பார்க்கவே இல்லை. 24 ரூபாய்க்கு ஏற்பு என்ற திருத்தக் கடிதம் செப்டம்பர் 5 அன்று போனது. அதற்குள் அவர் விலை காலாவதி. சந்தையில் பவுடர் விலையும் ஏறியிருந்தது. அவர் போனில் சொன்னார்: “சார், நான் போட்ட விலைக்கு நீங்க சொன்ன தேதி முடிஞ்சாச்சுல்லா. இப்போ அந்த விலைக்குத் தந்தா எனக்கு நட்டமாக்கும்.” அவர் சொன்னது நியாயம்.

பிறகு ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. கிட்டங்கியில் இருந்தது போன வருடத்துப் பவுடர். புதுப் பவுடரில் நூற்றுக்கு 33 பங்கு அளவுக்குப் பயன்படும் குளோரின் இருக்கும். ஈரமும் சூடும் பட்டால் அது தானாகவே இறங்கிக்கொண்டே போகும். மூட்டையின் எடை குறையாது என்பதால் பார்த்தால் தெரியாது. 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் போட்டால், புதுப் பவுடரில் லிட்டருக்கு சுமார் 0.8 மில்லிகிராம் குளோரின் சேரும். அதில் ஒரு பங்கை அழுக்கும் குழாயும் தின்ற பிறகும், கடைசி வீட்டுக் குழாயில் 0.2 மிச்சம் இருக்க வேண்டும். பவுடர் 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டால் தொடக்கமே 0.5தான், மழைக்கலங்கலான தண்ணீரில் அது தொட்டியைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். குளோரோஸ்கோப்பில் குழாய்த் தண்ணீரை எடுத்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். கடைசித் தெருவில் நிறமே வரவில்லை என்று தொட்டி இயக்குபவர் வந்து சொன்னார். அளவைக் கூட்டிப் போடச் சொன்னேன். கட்டியாகிப்போன பவுடரை எவ்வளவு கூட்டுவது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ளூர்க் கடையில் சில்லறையாக, கூடின விலைக்கு வாங்கி ஒப்பேற்றினோம். அந்த வாரங்களில் அந்தத் தெருவில் யாருக்கு வயிற்றுக்கு என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது.

சில்லறைக் கொள்முதலுக்குக் காரணம் கேட்டார்கள். கோப்பில் நான் எழுதியது: “ஏற்பாணை பெற்ற பின்னரும் ஒப்பந்தக்காரர் காப்புத் தொகை செலுத்தவும் ஒப்பந்தம் செய்யவும் முன்வரவில்லை. எனவே அவரது முன்வைப்புத் தொகையைப் பறிமுதல் செய்யலாம்.” அவருடைய ஆகஸ்ட் 27 கடிதத்தைக் குறிப்பில் காட்டவில்லை. கடிதத்தைக் கிழிக்கவில்லை; பின்பக்கம் எங்கோ கோத்து வைத்தேன். குறிப்பைப் படித்துக் கையெழுத்திடுபவர் அதுவரை புரட்டமாட்டார் என்று தெரிந்தே செய்தேன். 2,400 ரூபாய் பறிமுதலானது.

மறு டெண்டரில் வேறொருவர் வந்தார். இந்த முறை பேச்சை முதலில் முடித்து எழுதி வாங்கினேன். ஏற்பாணையில் விலையை எந்த ஒட்டும் இல்லாமல் ஏற்றேன். அது வரி, வண்டிக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் உட்பட்ட விலை என்று எழுதினேன். இறக்குக்கூலியை எழுதாமல் விட்டால் லாரி வந்து நிற்கும்போதுதான் சண்டை வரும். ஐந்து சதவீதக் காப்புத் தொகை எவ்வளவு ரூபாய், யார் பெயருக்கு வரைவோலை, 15 நாளில் எந்தத் தேதி முடிகிறது என்பதையெல்லாம் கணக்குப் போட்டே கொடுத்தேன். “உடனடியாக” என்ற சொல்லை எங்கும் சேர்க்கவில்லை. ஒப்பந்தப் படிவத்தைக் கூடவே இணைத்து, முத்திரைத்தாள் அவர் வாங்கி வர வேண்டும், பங்குதாரர் வந்தால் அதிகாரக் கடிதம் வேண்டும் என்றும் எழுதினேன். மற்ற டெண்டர்தாரர்களுக்கும் ஆணையின் நகல் அதே தபாலில் போனது. ஆட்சேபம் உள்ளவர் மேல்முறையீடு செய்ய, ஆணை கையில் கிடைத்த நாள்தான் கணக்கு; நகல் போகாவிட்டால் அந்தக் கணக்கு தொடங்கவே தொடங்காது.

வழங்கல் ஆணையை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே கொடுத்தேன். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், போனில் “ஏற்பாடு பண்ணிக்கிடுங்க” என்று சொன்ன பழைய பழக்கம் நாக்கு நுனியில் நின்றதுதான். கையெழுத்துக்கு முன் இறங்கும் சரக்குக்குக் காப்புத் தொகையும் இல்லை, தாமத அபராதமும் இல்லை, தரம் குறைந்தால் திருப்ப ஆதாரமும் இல்லை. முதல் லோடு ஒரு டன், 25 கிலோ மூட்டையாக 40. தயாரித்து ஒரு மாதம் தாண்டியிருக்கக் கூடாது. அலுவலகத்தில் வேண்டாம், தொட்டிக் கிட்டங்கியில் இறக்க வேண்டும். அங்கே எடுத்துக்கொள்பவர் யார், எத்தனை மணி வரை இருப்பார் என்பது வரை ஆணையில் இருந்தது. லாரி வந்த அன்று மூட்டைகளின் தயாரிப்புத் தேதியை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சில மூட்டைகளின் நடுவிலிருந்து மாதிரி எடுத்து, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஆய்வுக்கு அனுப்பினோம். மேலே இருக்கும் பவுடரை எடுத்தால் அதில் ஏற்கெனவே காற்றுப் பட்டிருக்கும். முடிவு சரக்குத் தந்தவருக்கு அநியாயமாகப் போகும். முடிவு வந்த பிறகே சரக்கை வரவுப் பதிவேட்டில் ஏற்றி, பில்லை மேலே அனுப்பினேன். பழைய மூட்டைகளைத் தனியே ஒதுக்கி, குடிநீர்த் தொட்டிக்கு எடுக்கக் கூடாது என்று எழுதி வைத்தோம்.

கோட்டாற்றுக்காரர் அந்த மறு டெண்டருக்கு விண்ணப்பிக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் அவர் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன், பின்பக்கம் கோத்த கடிதம் உட்பட. அவர் கோபப்படவில்லை. “ரூபா போகட்டும் சார். நான் ஓடிப்போனவன்னு எழுதியிருக்கீங்கல்லா, அது அப்படி இல்லேன்னு எழுத்துல தருவீங்களா?” என்று கேட்டார். மற்ற அலுவலகங்களில் டெண்டர் போடும்போது முன்பு எங்காவது முன்வைப்புத் தொகை பறிமுதல் ஆகியிருக்கிறதா என்று கேட்கும் இடம் உண்டு. அங்கே அவர் ஆம் என்று எழுத வேண்டியிருந்தது. நான் தரவில்லை. அப்போது எனக்கு வேலையில் வருடங்கள் மிச்சம் இருந்தன, குறிப்பாணை வரும் என்று பயந்தேன். அவர் கேட்ட எழுத்தை இன்றுவரை அவருக்கு நான் கொடுக்கவில்லை.