ஒரு சொல் போதும்

யான் புலவர் வகுப்பில் பயின்ற காலத்தே, ‘பாண்டியன் பிழை’ என்னும் பொருள்பற்றிக் கட்டுரை வரையுமாறு எம் ஆசிரியர் பணித்தார். சிலப்பதிகாரத்து வழக்குரை காதை எனக்கு மனப்பாடம். ஆதலின், அரசவையில் கண்ணகி தன்னை இன்னாள் என அறிவிக்கும் 14 அடிகளையும் ஒன்றுவிடாது எழுதினேன். அவற்றின்கீழ், ‘இதனால் பாண்டியன் பிழை இனிது விளங்கும்’ என்று முடித்தேன்.

ஆசிரியர் அதனைப் படித்துப் புன்முறுவல் பூத்தார். “தம்பி, இளங்கோவடிகள் எழுதியது இங்கே இருக்கிறது, நீ எழுதியது எங்கே? பாண்டியன் செய்த பிழைதான் யாது?” என்று வினவினார். யான் விடை கூற இயலாது நின்றேன். அடிகள் நாவில் இருந்தன. பொருள் நெஞ்சில் இல்லை.

“நூலை மூடிவிட்டு, அவள் சொன்னதை உன் உரைநடையில் எழுது” என்றார். பின்வருமாறு எழுதினேன்: ‘கண்ணகி மன்னனைக் கொடுங்கோலன் என்று பழித்தாள். புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் பொருட்டுத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகாரே தன் ஊர் என்றாள். அவ்வூரினின்றும் சிலம்பு விற்க வந்து கொலையுண்ட கோவலனின் மனைவியே தான் என்றாள்.’

“சுருக்கம் நன்று. இனி நூலோடு ஒப்பிட்டுப் பார்” என்றார். பார்த்தேன், திடுக்கிட்டேன். ‘கொடுங்கோலன்’ என்னும் சொல் அவ்வடிகளில் இல்லை! அவள் மன்னனை விளிக்கும்போது இட்ட அடைமொழி ‘தேரா’ என்பதே. ஆராய்ந்து தெளியாத என்பது அதன் பொருள். கொடுமை வேறு, ஆராயாமை வேறு. என் சொல்லை இட்டமையால் கண்ணகியின் வழக்கையே மாற்றிவிட்டேன்.

ஆகவே, முதல் வாக்கியத்தை இவ்வாறு திருத்தினேன்: ‘கண்ணகி பாண்டியனைத் “தேரா” மன்னன் என்கிறாள், பொற்கொல்லன் கூற்றை ஆராயாது நம்பியதே அவன் பிழை.’ பின்னர், ‘பசுவின் குறையையும் கேட்டு முறைசெய்த அரசனது ஊரை அவள் நினைவூட்டுவதும் இப்பிழையைக் காட்டுதற்கே’ என்று சேர்த்தேன். கட்டுரை அப்பொழுதுதான் என் கட்டுரை ஆயிற்று.

மாணவர்களே, எச்சொல்லை மேற்கோளாக நிறுத்துவது என்னும் ஐயம் எழுந்தால், அதனிடத்தே வேறொரு சொல்லை வைத்துப் பாருங்கள். கருத்துச் சிதையுமாயின், அதுவே நிறுத்தற்குரிய சொல். அதனை ஓரெழுத்தும் மாற்றாது எழுதுங்கள். சிதையாதனவற்றை உம் நடையிற் கூறுங்கள்; கூறியபின் மூலத்தோடு ஒப்பிடுங்கள். எதுகை, மோனை, ஓசை ஆகியவற்றை ஆராயுமிடத்து மட்டும் இது பொருந்தாது. ஆங்கே அடிகளை முழுமையாகவே காட்டல் வேண்டும். ஓசையை உரைநடையில் பெயர்த்துரைக்க எவராலும் இயலாது.